ஓராண்டு அளவீடுகளிலிருந்து ஐந்து வாரங்கள்: பேரிங் வெப்பநிலைத் தொடர் ஒன்றில் தேதி வரம்பைத் தேர்ந்தெடுத்த விதம்

நீண்ட சென்சார் தொடர் ஒன்று கைக்கு வந்ததும், அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எடுத்து ஆராய்வது என்ற கேள்வியைப் பலரும் ஆய்வுக்கு முந்தைய சிறு வேலையாகவே கருதுகிறார்கள். அந்தத் தேர்வே முடிவைத் தலைகீழாக மாற்றிவிடக்கூடும் என்பதற்கு இங்கே விவரிக்கும் நிகழ்வு ஓர் உதாரணம். தண்ணீர் இறைக்கும் பம்ப் ஒன்றைச் சுழற்றும் மோட்டாரில், மோட்டார் தண்டையும் பம்ப் தண்டையும் இணைக்கும் கப்ளிங் பக்கத்துப் பேரிங்கின் வெப்பநிலை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகி வந்தது. அதோடு சுற்றுப்புறக் காற்றின் வெப்பநிலையும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் அதே பதிவுக்கருவியில் சேமிக்கப்பட்டன. எங்களிடம் தரப்பட்ட கோப்பு 2022 ஜூலை 1 முதல் 2023 ஜூன் 30 வரையிலானது. நிமிடத்துக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் முழுமையாக இருந்தால் 5,25,600 வரிசைகள்.

பின்னணி எளிமையானது. 2023 ஜூன் 14 காலை 9 மணிக்கு, பேரிங்கில் வழக்கமில்லாத சத்தம் கேட்பதாகப் பம்பை இயக்குபவர் பதிவேட்டில் எழுதினார். மறுநாள் பேரிங்குக்குப் புதிய கிரீஸ் வைத்தார்கள், சத்தம் குறையவில்லை. 80 டிகிரியில் வைத்திருந்த எச்சரிக்கை அளவை வெப்பநிலை ஒருபோதும் தொடவில்லை என்பதால், பேரிங் உண்மையிலேயே சூடேறியிருக்கிறதா, அப்படியானால் எப்போது முதல் என்று பார்த்துச் சொல்லும்படி ஜூலைத் தொடக்கத்தில் கேட்கப்பட்டது. கோரிக்கையிலேயே ஒரு வரம்பும் இருந்தது: சத்தம் கேட்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களைப் பாருங்கள், போதும்.

இரண்டு வாரமும் ஓராண்டும் காட்டிய இரண்டு பொய்கள்

கேட்டபடியே மே 31 முதல் ஜூன் 14 வரை வரைந்து பார்த்தால் எதுவும் தென்படவில்லை. பம்ப் ஓடும் நேரங்களில் பேரிங் வெப்பநிலை 60 டிகிரியை ஒட்டி, பகலில் சற்று ஏறியும் இரவில் சற்று இறங்கியும், இரண்டு வாரமும் ஒரே மட்டத்தில் நின்றது. இதை மட்டும் பார்க்கும் ஒருவர் மாற்றம் ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

ஓராண்டு முழுவதையும் ஒரே படத்தில் போட்டபோது கதை வேறாக இருந்தது. குளிர்காலத்தில் 37 டிகிரி அளவில் இருந்த பேரிங், ஜூனில் 61 டிகிரி வரை மெல்ல மெல்ல ஏறியிருந்தது. அந்த ஏற்றம் சுற்றுப்புற வெப்பத்தின் பருவ ஏற்றத்தோடு இணைந்தே சென்றதால், இது கோடையின் விளைவுதான் என்ற முடிவு இயல்பாகத் தோன்றியது. முதல் படம் மாற்றமே இல்லை என்றது. இரண்டாவது, மாற்றம் இருக்கிறது ஆனால் அது பருவத்தால் என்றது. இரண்டுமே தவறு என்பது பின்னால் தெரிந்தது.

முழு ஆண்டுப் படத்தில் ஒரு நுட்பச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. திரையில் படத்தின் அகலம் 1,500 புள்ளிகள் என்று கொண்டால், ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 350 அளவீடுகளை, அதாவது ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தைச் சுமக்கிறது. வரைபட மென்பொருள் அந்த 350 அளவீடுகளுக்குச் சராசரி போடுகிறதா, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறதா, உச்சத்தையும் அடியையும் தனித்தனியே காட்டுகிறதா என்பதைப் பொறுத்து, அதே தொடர் மூன்று விதமாகத் தோன்றும். நாள் சராசரியில் கூடுதலான ஆபத்து உண்டு: பம்ப் எட்டு மணி நேரம் நின்றிருந்த நாளில் பேரிங் ஆறிவிடுவதால், அந்த நாளின் சராசரி தாழ்ந்து, பம்ப் ஓடியபோது ஏறியிருந்த வெப்பத்தை மறைத்துவிடும். எனவே மேலோட்டப் பார்வைக்கு ஒவ்வொரு நாளின் குறைந்த அளவு, அதிக அளவு, அந்த நாளில் பதிவான அளவீடுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டோம். எண்ணிக்கை 1,440 ஆக இல்லாத நாள் உடனே கண்ணில் படும் என்பது இதன் கூடுதல் பயன்.

கேள்விக்கு ஏற்ற அளவு

வெப்பநிலை என்று கேட்டாலும், உண்மையில் அறிய வேண்டியது பேரிங் தானாக உண்டாக்கும் வெப்பத்தைத்தான். ஒரே சுமையில், ஒரே வேகத்தில் ஓடும் பேரிங்கின் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை ஏறினால் தானும் ஏறும். அதனால் பேரிங் வெப்பநிலையிலிருந்து சுற்றுப்புற வெப்பநிலையைக் கழித்துக் கிடைக்கும் வித்தியாசத்தை ஆய்வுக்குரிய அளவாக வைத்தோம்; இனி இதை வெப்ப உயர்வு என்றே குறிப்பிடுகிறேன். பம்ப் நின்றிருக்கும் நேரத்தில் இந்த அளவுக்குப் பொருள் இல்லை. ஓடத் தொடங்கிய உடனேயும் இல்லை, ஏனெனில் இந்த மோட்டாரில் பேரிங் சீரான வெப்பநிலைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. ஆகவே தொடர்ச்சியாக 120 நிமிடங்கள் ஓடியபின் வரும் அளவீடுகளை மட்டும் சீர்நிலை அளவீடுகள் என்று ஏற்றோம்.

இங்கே வரம்புத் தேர்வோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு விஷயம் இருக்கிறது. 120 நிமிடத் தொடர்ச்சியைக் கணக்கிட, அந்த நேரத்துக்கு முந்தைய 120 நிமிடங்கள் கையில் இருக்க வேண்டும். வரம்பை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு கணக்குப் போட்டால், வரம்பின் முதல் இரண்டு மணி நேரம் காரணமின்றிக் கழிந்துபோகும். நகரும் சராசரி போன்ற கணக்குகளிலோ அந்தத் தொடக்கப் பகுதி, குறைந்த அளவீடுகளை வைத்துக் கணிக்கப்பட்டு, மற்றப் பகுதிகளைவிட அதிகமாக அலையும். எனவே எப்போதும் வேண்டிய தேதிக்கு ஓரிரு நாள் முன்னிருந்தே எடுத்து, கணக்கை முடித்து, அதன் பிறகே எல்லையில் வெட்டுவது நல்லது.

எல்லைகளைத் தீர்மானித்த விதம்

ஒரு தேதி வரம்புக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் சொல்ல முடிய வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொண்டோம். அதைவிட முக்கியமாக, எந்த அளவு மாறியிருக்கிறதா என்று சோதிக்கப் போகிறோமோ அந்த அளவைப் பார்த்து எல்லையைக் குறிக்கக் கூடாது. வெப்ப உயர்வு எங்கே எகிறித் தெரிகிறதோ அந்த இடத்தைப் பிடித்து ‘பின்’ என்றும், எங்கே தாழ்ந்திருக்கிறதோ அதை ‘முன்’ என்றும் வைத்தால், தற்செயலான அலைச்சல் மட்டுமே உள்ள தொடரில்கூட வித்தியாசம் ஒன்று கிடைத்துவிடும். ஆகையால் பராமரிப்புப் பதிவேடு, மின்னோட்டம், சுற்றுப்புற வெப்பநிலை ஆகியவற்றை வைத்தே எல்லைகளைக் குறித்தோம். எல்லைகளைக் குறிக்கப் பேரிங் சென்சாரில் நாங்கள் பயன்படுத்தியது, பம்ப் நின்றிருந்த நேரத்து அளவீடுகளை மட்டுமே.

கடைசி எல்லை சுலபமாக அமைந்தது. ஜூன் 15 அன்று கிரீஸ் வைத்தார்கள். புதிய கிரீஸ் வைத்ததும், அது பேரிங்குக்குள் பரவி மிகுதி வெளியேறும் வரை வெப்பநிலை தற்காலிகமாக ஏறுவது வழக்கம். அந்த நாளை உள்ளே விட்டால், நாம் தேடும் மாற்றத்தோடு வேறொரு காரணத்தால் வந்த ஏற்றமும் கலந்துவிடும். எனவே சத்தம் பதிவான ஜூன் 14 காலை 9 மணியே கடைசி எல்லை.

தொடக்க எல்லைதான் வேலை வாங்கியது. இயல்பு நிலை எது என்று காட்ட, எவ்வளவு முன்னே போகலாம்? போகப் போக அளவீடுகள் கூடும், ஆனால் ஒப்பிட முடியாத காலங்களும் உள்ளே வரும். பதிவேட்டில் மே 2 அன்று ‘பேரிங் சென்சார் மாற்றப்பட்டது’ என்ற ஒற்றை வரி இருந்தது. பழைய சென்சாரும் புதிய சென்சாரும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பார்க்க, பம்ப் நின்றிருந்த நேரங்கள் கைகொடுத்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் பம்ப் நாள் முழுவதும் நிற்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற பிறகு பேரிங் காற்றின் வெப்பநிலைக்கு வந்துவிடுவதால், பேரிங் சென்சாரும் சுற்றுப்புறக் காற்றின் சென்சாரும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஏப்ரல் 30 ஞாயிறன்று வித்தியாசம் 0.3 டிகிரி. மே 7 ஞாயிறன்று 2.1 டிகிரி. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதே 2.1-ஐ ஒட்டியே இருந்தது.

இந்த 1.8 டிகிரித் தாவல் பேரிங்கில் நிகழ்ந்தது அல்ல. அளக்கும் கருவியில் நிகழ்ந்தது. காரணத்தை ஊகிப்பதும் கடினமாக இல்லை. இங்கே பயன்பட்டது PT100 வகை: 0 டிகிரியில் 100 ஓம் தடை, அதற்குமேல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.385 ஓம் கூடும். பழையது மூன்று கம்பி இணைப்பில் இருந்தது. அந்த இணைப்பில் கம்பியின் தடை கழிக்கப்பட்டுவிடும். புதியதை இரண்டு கம்பியில் இணைத்திருந்தார்கள். அதில் கம்பியின் தடையும் வெப்பநிலையாகவே படிக்கப்படும். நீண்ட கம்பியில் 0.7 ஓம் என்பது சாதாரணமான அளவு, 0.7-ஐ 0.385-ஆல் வகுத்தால் 1.8. கணக்கு பொருந்தியது.

இத்தகைய இடத்தில் இரண்டு வழிகள் உண்டு. மே 2-க்குப் பிந்தைய அளவீடுகள் அனைத்திலிருந்தும் 1.8-ஐக் கழித்துவிட்டு ஏப்ரலையும் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது மே 2-க்கு முன் செல்லாமல் நிற்கலாம். திருத்தம் சரியாகவே இருக்கக்கூடும். ஆனால் 20 டிகிரியில் அளந்த தாவல் 60 டிகிரியிலும் அதேதான் என்பதை இந்தத் தரவிலிருந்து நிறுவ முடியாது, தவிரவும் கேள்விக்கு ஏப்ரல் தேவைப்படவில்லை. நின்றுகொண்டோம். சென்சார் மாற்றத்தைக் கவனிக்காமல் ஏப்ரலின் இரண்டு வாரங்களை ‘முன்’ என்று வைத்திருந்தால், கடைசியில் கிடைத்த வித்தியாசம் 1.8 டிகிரி மிகையாகத் தெரிந்திருக்கும்.

மே 3 முதல் தொடங்கியிருக்கலாம் என்றாலும், மே 8 திங்கட்கிழமையைத் தொடக்கமாக வைத்தோம். இந்தப் பம்பின் இயக்கம் வார ஒழுங்கில் நடப்பது: திங்கள் முதல் வெள்ளி வரை மின்னோட்டம் 41 ஆம்பியர், சனிக்கிழமை வால்வைப் பாதி மூடி ஓட்டுவதால் 33 ஆம்பியர், ஞாயிறு ஓய்வு. பத்து நாள் வரம்பு ஒன்றில் இரண்டு சனிக்கிழமைகள் விழலாம், இன்னொன்றில் ஒன்றே விழலாம். பேரிங்கில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் இவ்விரண்டின் சராசரிகள் வேறுபடும். முழு வாரங்களாக எடுத்தால் இந்தக் கலப்பு இரு பக்கமும் சமமாகிவிடுகிறது.

இப்படி மே 8 முதல் ஜூன் 14 காலை வரை, ஐந்து வாரங்களும் சில நாட்களும் கொண்ட வரம்பு கிடைத்தது. பதிவேட்டில் இந்தக் காலத்துக்குள் இருந்த ஒரே பெரிய பணி மே 26 வெள்ளிக்கிழமையுடையது: காலை 7 மணி முதல் மாலை 3 மணி வரை பம்பை நிறுத்தி, கப்ளிங்கைக் கழற்றி, அதன் ரப்பர் பகுதியை மாற்றி மீண்டும் பூட்டியிருந்தார்கள். அந்தப் பணி நடந்த வாரத்தை, அதாவது மே 22 முதல் 28 வரையிலானதை, இரு பக்கமும் சேர்க்காமல் விலக்கினோம். அதற்கு முந்தைய இரண்டு முழு வாரங்கள் முன்காலம். அதற்குப் பிந்தைய இரண்டு முழு வாரங்கள், மே 29 முதல் ஜூன் 11 வரை, பின்காலம்.

கடிகாரமும் நள்ளிரவும்

பதிவேடு உள்ளூர் நேரத்தில் எழுதப்படுகிறது, பதிவுக்கருவியோ உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் சேமிக்கிறது. இந்த இடத்தில் உள்ளூர் நேரம் மூன்று மணி முன்னே இருக்கிறது என்று கருவியின் குறிப்பேடு சொன்னது. அதை அப்படியே நம்பாமல், இரண்டு கடிகாரங்களிலும் தடம் விட்ட ஒரு நிகழ்ச்சியை வைத்துச் சரிபார்ப்பது சிறந்த வழி. மே 26 காலை 7 மணிக்குப் பம்ப் நின்றதாகப் பதிவேடு கூறுகிறது. தரவில் மின்னோட்டம் 04:04-க்குச் சுழியாகிறது. 3 மணிக்கு மீண்டும் ஓடத் தொடங்கியதாகப் பதிவேடு, தரவில் 12:05. மூன்று மணி நேர வேறுபாடு உறுதியானது. எஞ்சும் நான்கைந்து நிமிடங்கள் கருவியின் கடிகாரப் பிசகாகவோ, மனிதர் நேரத்தை முழு மணிக்குத் திருத்தி எழுதும் பழக்கமாகவோ இருக்கலாம். வாரக் கணக்கில் ஒப்பிடும்போது அது பொருட்டல்ல.

நேர மண்டலத்தைச் சொல்லாமல் வெறும் தேதியை எழுதினால், தரவு யூ.டி.சி.யில் இருப்பதால், நம்முடைய மே 8 என்பது உள்ளூர் அதிகாலை 3 மணிக்குத்தான் தொடங்கும். அதைவிட நயவஞ்சகமானது கடைசித் தேதி. பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் `df.loc["2023-05-08":"2023-05-21"]` என்று எழுதினால் 21-ஆம் தேதி முழுவதும், இரவு 11:59 வரை, உள்ளே வரும். அதையே `df.index <= "2023-05-21"` என்ற ஒப்பீடாக எழுதினால், அந்தத் தேதி நள்ளிரவு 00:00 என்று பொருள்கொள்ளப்பட்டு, 21-ஆம் நாள் ஏறக்குறைய முழுவதுமாக விடுபடும். பிழைச் செய்தி எதுவும் வராது. விடுபட்டது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வரைபடத்திலும் தெரியாது. தரவுத்தளங்களில் `BETWEEN` பயன்படுத்தும்போதும் இதே சறுக்கல் உண்டு. அது இரு முனைகளையும் சேர்த்துக்கொள்வதால், அடுத்தடுத்த இரண்டு வரம்புகள் ஒரே நள்ளிரவு அளவீட்டை இருமுறை எண்ணிவிடவும் கூடும்.

ஆகையால் தொடக்கத்தைச் சேர்த்தும் முடிவைச் சேர்க்காமலும் எழுதுவதையும், நேர வேறுபாட்டை எல்லையிலேயே வெளிப்படையாகக் குறிப்பதையும் வழக்கமாக வைத்துக்கொண்டோம். கீழே `df`-இன் நேரக் குறியீடு யூ.டி.சி. என்று குறிக்கப்பட்டதாகக் கொள்க.

```python
def edge(s):
    return pd.Timestamp(s + "+03:00").tz_convert("UTC")

start = edge("2023-05-08 00:00")
end   = edge("2023-06-14 09:00")
pad   = pd.Timedelta(days=2)

part = df[(df.index >= start - pad) & (df.index < end)]
part = part.resample("min").mean()

running = (part["current"] > 10).astype(int)
steady  = running.rolling(120).sum() == 120
rise    = (part["bearing"] - part["ambient"])[steady]
rise    = rise[rise.index >= start]
```

இரண்டு நாள் கூடுதலாக எடுத்துப் பின்னர் வெட்டுவதைக் கடைசி வரியில் காணலாம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு வரிசை இருக்கும்படி முதலில் ஒழுங்குபடுத்துவதற்கும் காரணம் உண்டு: இடையில் பதிவு விட்டுப்போயிருந்தால், 120 வரிசைகள் என்பது 120 நிமிடங்களைக் குறிக்காது. ஒழுங்குபடுத்தியபின் விடுபட்ட நிமிடங்களில் மின்னோட்டம் வெற்றாக இருப்பதால், அவை ஓடாத நிமிடங்களாகவே எண்ணப்பட்டு, சந்தேகத்தின் பலன் நமக்குச் சாதகமாக அமையாமல் எதிராக அமைகிறது. அதுதான் வேண்டியது.

வரம்புக்குள் உறைந்த ஓர் இரவு

நாள்தோறும் அளவீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்ததில், முன்காலத்தின் எல்லா நாட்களிலும் 1,440 சரியாக இருந்தது. அதில் நிம்மதியடைந்து நகர்ந்திருந்தால் ஒரு குறையைத் தவறவிட்டிருப்போம். மே 17 இரவு 10:10 முதல் மறுநாள் காலை 7:05 வரை, பேரிங் சென்சார் 51.37 என்ற ஒரே எண்ணை 535 நிமிடங்கள் தொடர்ந்து காட்டியிருந்தது. ஓடும் இயந்திரத்தின் உண்மையான அளவீடு இரண்டாம் தசம இடத்தில் நிமிடத்துக்கு நிமிடம் துடித்துக்கொண்டே இருக்கும். அப்படித் துடிக்காத எண் அளவீடே அல்ல. அதே நேரத்தில் மின்னோட்டமும் சுற்றுப்புற வெப்பநிலையும்கூட அசையாமல் நின்றதால், கோளாறு சென்சாரில் இல்லை, பதிவுக்கருவிக்கும் சேமிப்பகத்துக்கும் இடையிலான தொடர்பு அறுந்து, சேமிப்பகம் கடைசியாகக் கிடைத்த வரிசையைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது என்று புரிந்தது. எண்ணிக்கையோடு, ஒவ்வொரு மணி நேரத்திலும் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் வந்திருக்கின்றன என்பதையும் எண்ணினால் இத்தகைய உறைவு உடனே சிக்கும்.

இந்த இரவுக்காக வரம்பின் எல்லையை நகர்த்த வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது. நகர்த்தக் கூடாது என்பதே என் கருத்து. உறைந்த 535 நிமிடங்களை வெற்றாக்கிவிட்டு, அவை விலக்கப்பட்டதாக எழுதிவைத்தால் போதும். பதினான்கு நாட்களில் அது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. ஒவ்வொரு குறைக்கும் ஒருமுறை எல்லையை ஒதுக்கிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சும் தேதிகளுக்கு யாராலும் காரணம் சொல்ல முடியாது.

கிடைத்தது

முன்காலத்தின் சீர்நிலை அளவீடுகளில் வெப்ப உயர்வின் இடைநிலை அளவு 24.5 டிகிரி. பின்காலத்தில் அது 31.0 டிகிரி. வித்தியாசம் 6.5 டிகிரி. இரு காலங்களுக்கும் இடையே சுற்றுப்புற வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி ஏறியிருந்தாலும், அது ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. மின்னோட்டம் வேலை நாட்களில் 41, சனிக்கிழமைகளில் 33 என இரு காலங்களிலும் ஒன்றாகவே இருந்ததால், சுமை கூடியதும் காரணமல்ல.

இந்த எண் எல்லைகளின் தயவில் நிற்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு காலத்தையும் வாரம் வாரமாகப் பிரித்தோம். முன்காலத்தின் இரண்டு வாரங்களும் 24.3, 24.6 என்றன; பின்காலத்தின் இரண்டும் 30.9, 31.1 என்றன. எந்த வாரத்தை எதனோடு ஒப்பிட்டாலும் வித்தியாசம் 6.3-க்கும் 6.8-க்கும் இடையிலேயே நின்றது. இரண்டு காலங்களுக்குள்ளும் தனித்தனியே ஏற்றப் போக்கு இல்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது: ஒரு மட்டத்தில் இருந்தது, இன்னொரு மட்டத்துக்குத் தாவியது. முதலில் கேட்கப்பட்ட இரண்டு வார வரம்பில் ஏன் எதுவும் தெரியவில்லை என்பதற்கு விளக்கம் இதுதான். அந்த இரண்டு வாரமும் தாவலுக்குப் பிந்தையவை. ஓராண்டுப் படத்திலோ, பகலிரவு ஏற்ற இறக்கமே ஆறேழு டிகிரி இருந்ததால், 6.5 டிகிரித் தாவல் அந்தத் தடித்த கோட்டுக்குள் அமிழ்ந்துபோயிருந்தது.

அடுத்து, விலக்கிவைத்த நடு வாரத்தை மட்டும் தனியே எடுத்தோம். இங்கே தேதியை வைத்து அடுக்குவதில் பயன் இல்லை. பம்ப் ஓடத் தொடங்கிய கணத்தைச் சுழியாக வைத்து, அதிலிருந்து எத்தனை நிமிடம் என்று அடுக்கினோம். மே 22 திங்கள் காலைத் தொடக்கமும் மே 26 பிற்பகல் தொடக்கமும் முதல் முப்பது நிமிடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவே ஏறின. பிறகு பிரிந்தன. திங்கள் வளைவு மெல்லச் சாய்ந்து இரண்டு மணி நேரத்தில் 24 டிகிரியைக் கடந்து நின்றது. வெள்ளி வளைவு அந்த உயரத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே சென்று, சற்றுக் கூடுதல் நேரத்தில் 31-இல் அடங்கியது. ஞாயிறு ஓய்வுக்குப் பின் மே 29 காலையில் தொடங்கியபோதும் 31-இலேயே அடங்கியது. ஆகவே இது கழற்றிப் பூட்டிய பிறகான முதல் ஓட்டத்துக்கு மட்டும் உரிய தற்காலிக விளைவும் அல்ல.

கிரீஸ் பழையதாகித் தேய்ந்ததால் சூடேறியிருந்தால் ஏற்றம் வாரக்கணக்கில் மெல்ல நிகழ்ந்திருக்க வேண்டும். ஒரே நிறுத்தத்தின் இரு புறமும் இரண்டு மட்டங்கள் இருப்பது, அந்த நிறுத்தத்தில் செய்த வேலையையே சுட்டுகிறது. கப்ளிங்கைப் பூட்டும்போது மோட்டார் தண்டும் பம்ப் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால், கப்ளிங் பக்கப் பேரிங்தான் கூடுதல் பளுவைத் தாங்கும். ஆனால் வெப்பநிலைத் தொடரால் அதை நிரூபிக்க முடியாது என்பதை அறிக்கையில் தெளிவாக எழுதினோம். தரவு சொல்வது எப்போது என்பதை மட்டுமே. நேர்கோட்டை அளந்து பார்க்கப் பரிந்துரைத்தோம். அளந்தபோது அது அனுமதித்த அளவை மீறியிருந்தது. திருத்திய பிறகு முழு வாரம் ஒன்றை அதே முறையில் எடுத்துப் பார்த்ததில் வெப்ப உயர்வு 25 டிகிரிக்குத் திரும்பியிருந்தது.

கிரீஸ் வைத்த ஜூன் 15-க்குப் பிந்தைய பகுதியையும் ஆர்வத்துக்காகத் திறந்து பார்த்தோம். எதிர்பார்த்தபடியே வெப்ப உயர்வு ஒரு நாள் முழுவதும் 34 டிகிரி வரை சென்று, பிறகு 31-க்கு இறங்கி அங்கேயே நின்றது. அந்த ஒரு நாள் வரம்புக்குள் இருந்திருந்தால் பின்காலத்தின் உச்ச அளவு அதுவாகவே பதிவாகியிருக்கும், கிரீஸ்தான் பிரச்சினை என்று வாதிட ஒருவருக்கு அது போதுமான ஆதாரமாகவும் தோன்றியிருக்கும்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் வரம்பை இப்படிக் குறித்தோம்: தொடக்கம் மே 8, 00:00 உள்ளூர் நேரம், சென்சார் மாற்றத்துக்குப் பிந்தைய முதல் திங்கள், முடிவு ஜூன் 14, 09:00, கிரீஸ் பணிக்கு முன், அந்த நிமிடம் சேராது, விலக்கியவை மே 22 முதல் 28 வரையிலான பணி வாரமும் மே 17-18 இரவின் உறைந்த 535 நிமிடங்களும். இந்த வரம்பாலும் விடை காண முடியாத கேள்வி ஒன்று இருந்தது. மே 26 மாலை பம்பை ஓட்டிய முதல் நிமிடத்திலேயே பேரிங் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கத் தொடங்கியதா, அல்லது ஓடிய சற்று நேரத்தில் கப்ளிங் இடம்பெயர்ந்து அதன் பிறகு தொடங்கியதா என்று பராமரிப்புக் குழு கேட்டது. இரண்டு வளைவுகளும் பிரிவது முப்பதாவது நிமிடத்துக்குப் பிறகே என்பது உண்மை. ஆனால் சென்சார் பேரிங்கின் வெளிக்கூட்டில் பதிந்திருப்பதால், உள்ளே உண்டாகும் வெப்பம் அங்கு வந்து சேரவே பல நிமிடங்கள் ஆகும். தொடக்கத்தில் இரு வளைவுகளுக்கும் இருக்கக்கூடிய சிறு வித்தியாசம் அளவீட்டின் துடிப்புக்குள் மறைந்துவிடும். அதற்கு அதிர்வு சென்சாரின் பதிவு வேண்டும், அந்த மோட்டாரில் அப்போது அது பொருத்தப்பட்டிருக்கவில்லை.